12 லட்சம் போட்ட மாமாவுக்கு 28,600 ரூபாய்தானா? பார்ட்னர் சம்பளமும் வட்டிக் கணக்கும்

புளிமண்டி மருமகன் | 11 மே 2025, இரவு 9.40

கிருஷ்ணகிரி பக்கம் புளி வியாபாரம். நானும் தாய்மாமாவும் பார்ட்னர், லாப நட்டம் சரிபாதி. மாமா கேப்பிட்டல் 12 லட்சம், என்னுடையது 3 லட்சம். வருஷம் முழுக்க அதில் மாற்றம் இல்லை. கேப்பிட்டலுக்கு 10 சதவீதம் வட்டி. டிராயிங்ஸ், அதாவது சொந்தச் செலவுக்குக் கடைப் பணம் எடுத்தால், எடுத்தவரிடமிருந்து அதற்கும் 10 சதவீதம் வட்டி. மரம் பார்த்துக் குத்தகை பேசுவது, தட்டுகிற பெண்களுக்குக் கூலி கொடுப்பது, கோல்டு ஸ்டோரேஜுக்கு மூட்டை அனுப்புவது எல்லாம் நான். அதற்கு மாதம் 15,000 சம்பளம்.

2024-25இல் விலை விழுந்துவிட்டது. என் சம்பளத்தைக் கழிக்கும் முன் லாபம் 2,10,000. எங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர் சம்பளம் 1,80,000ஐச் செலவில் போட்டு, மீதி 30,000 லாபம் என்று காட்டினார். டிராயிங்ஸ் வட்டி மாமாவுக்கு 10,000, எனக்கு 8,250. அதையும் சேர்த்து 48,250. இதை 4க்கு 1 என்று வட்டியாகப் பிரித்து மாமாவுக்கு 38,600, எனக்கு 9,650. டிராயிங்ஸ் வட்டி போக மாமா கைக்கு 28,600.

மாமா இரண்டு நாளாகச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவில்லை. கணக்கு சரியா?

பழைய பேரேடு | 11 மே, இரவு 11.15

தப்பு. சம்பளம் உட்கார்ந்த இடம் தப்பு.

தட்டுகிற பெண்களின் கூலி செலவு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும், ஆகவே லாப நட்டக் கணக்கில் கழியும். நீங்கள் பார்ட்னர். உங்கள் சம்பளம், வந்த லாபத்தை இருவரும் பிரித்துக்கொள்கிற வழிகளில் ஒன்று. மாமாவின் கேப்பிட்டல் வட்டியும் அதே வகை. இரண்டும் லாப நட்டப் பகிர்வுக் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டியவை. உங்கள் ஆள் சம்பளத்தை முதல் பந்தியில் உட்காரவைத்து, வட்டியை இலை எடுக்கிற நேரத்தில் கூப்பிட்டிருக்கிறார்.

சரியாகப் போட்டால்: லாபம் 2,10,000, டிராயிங்ஸ் வட்டி 18,250, ஆக மொத்தம் 2,28,250. கேட்பவை: மாமா வட்டி 1,20,000, உங்கள் வட்டி 30,000, சம்பளம் 1,80,000, ஆக 3,30,000. இருப்பது போதாது. போதாதபோது கேட்கிற தொகையின் விகிதத்தில் எல்லாருக்கும் குறைக்க வேண்டும். மாமா 1,20,000, நீங்கள் 2,10,000, அதாவது 4க்கு 7. மாமாவுக்கு 83,000, உங்களுக்கு 1,45,250.

சரிபாதி விகிதத்துக்கு இங்கே வேலையே இல்லை. எல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சினால்தான் அது.

வணிகவியல் டீச்சர் | 12 மே, காலை 6.50

பேரேடு சார் சொல்வதில் பாதிதான் சரி. 1932ஆம் வருஷ கூட்டாண்மைச் சட்டம் 13ஆம் பிரிவில் முதல் மீதான வட்டியை லாபத்திலிருந்து மட்டும் கொடுக்க வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. சட்டமே பேர் சொல்லிக் குறிப்பிடுவதால் வட்டிக்குத்தான் முதல் உரிமை. 1,50,000 வட்டியை முழுதாகக் கொடுத்துவிட்டு மீதி 78,250ஐச் சம்பளமாகக் கொடுங்கள். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் நடத்துகிறேன்.

பழைய பேரேடு | 12 மே, காலை 10.05

டீச்சர், அந்தப் பிரிவை மறுபடி படியுங்கள். வட்டி எந்தப் பணத்திலிருந்து வர வேண்டும் என்றுதான் சொல்கிறது. லாபத்துக்கு வெளியே, கேப்பிட்டலைக் கரைத்து வட்டி கொடுக்காதே என்பது அதன் பொருள். சம்பளத்தை முந்திக்கொண்டு வாங்கு என்று எங்கே இருக்கிறது?

அதே 13ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, வேலை பார்த்ததற்காகப் பார்ட்னருக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு முழுவதுமே, பார்ட்னர்கள் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதற்கு உட்பட்டது. இவர்கள் பார்ட்னர்ஷிப் டீடில் சம்பளம் இருக்கிறது, வட்டியும் இருக்கிறது. யார் முதலில் என்று டீட் சொல்லவில்லை என்றால் இரண்டும் சம வரிசைதான்.

உங்கள் பாடப்புத்தகக் கணக்கில் பெரும்பாலும் வட்டி மட்டும் இருக்கும், சம்பளம் இருக்காது. அதனால் கேப்பிட்டல் விகிதத்தில் பிரித்தால் விடை வந்துவிடும். இங்கே இரண்டும் இருக்கிறது.

ஓசூர் லேத் | 12 மே, பகல் 1.20

டிராயிங்ஸ் வட்டி எந்த பேங்குக்குக் கட்டணும்? எங்க பட்டறையில் ஓடி கடனுக்கு பேங்க் தானாகவே பிடித்துக்கொள்கிறது. இதை வேற தனியா கட்டணுமா?

பழைய பேரேடு | 12 மே, பகல் 1.45

யாருக்கும் கட்ட வேண்டாம். சொந்தக் கடையிலிருந்து பார்ட்னர் சொந்தச் செலவுக்கு எடுத்த பணத்துக்குக் கடை போடுகிற வட்டி அது. அவர் கணக்கில் பற்று, பகிர்வுக் கணக்கில் வரவு. ரொக்கம் எங்கேயும் நகராது. உங்கள் ஓடி வட்டி கடையின் செலவு, அது வேறு.

தக்காளி மண்டி, பாலக்கோடு | 12 மே, மாலை 5.30

என் கதையும் கிட்டத்தட்ட இதேதான். நாங்கள் மூன்று பேர். போன வருஷம் ஆகஸ்ட் முதல் தேதி லாரிக்காரர்களுக்குக் கொடுக்கக் காசில்லை. நான் கேப்பிட்டலுக்கு மேல 3 லட்சம் போட்டேன், வருஷக் கடைசி வரை உள்ளேதான் இருந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. வருஷம் நட்டத்தில் முடிந்தது. லாபம் இல்லை, அதனால் வட்டியும் இல்லை என்று மற்ற இருவரும் சொல்லிவிட்டார்கள். பேரேடு சார் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதானே? மனசு கேட்கவில்லை.

பழைய பேரேடு | 12 மே, இரவு 8.10

உங்கள் கதை இதே மாதிரி இல்லை. நீங்கள் போட்டது கேப்பிட்டல் இல்லை, அட்வான்ஸ். ஒப்புக்கொண்ட கேப்பிட்டலுக்கு மேல் ஒரு பார்ட்னர் தொழிலுக்காகக் கொடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி உண்டு. அதே 13ஆம் பிரிவின் அடுத்த உட்பிரிவு. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த 6 நிற்கும்.

இந்த வட்டி பகிர்வுக் கணக்குக்கு வரவே வராது. வெளியாளிடம் வாங்கிய கடனுக்கு வட்டி போடுவது போல லாப நட்டக் கணக்கிலேயே கழியும். ஆகஸ்ட் முதல் மார்ச் வரை 8 மாதம், 3 லட்சத்துக்கு 12,000. நட்டமா, நட்டம் 12,000 கூடும், அதை மூன்று பேரும் சுமப்பீர்கள். அதில் உங்கள் பங்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அந்த 3 லட்சத்தை உங்கள் கேப்பிட்டல் கணக்கில் வரவு வைத்தார்களா, தனியாகக் கடன் கணக்கு திறந்தார்களா என்று முதலில் பேரேட்டைத் திறந்து பாருங்கள். கேப்பிட்டலில் எழுதி, அந்தக் கணக்கில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் சண்டை கடினம்.

தக்காளி மண்டி, பாலக்கோடு | 12 மே, இரவு 8.40

கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை.

பழைய பேரேடு | 13 மே, காலை 5.30

தூக்கம் வரவில்லை. மருமகன் சொன்ன 8,250 உறுத்திக்கொண்டே இருந்தது.

1,80,000க்கு 10 சதவீதம், ஐந்தரை மாதத்துக்கு. கச்சிதமாக 8,250. ஐந்தரை மாதம் என்பது மாதக் கடைசியில் ஒரே தொகையாக எடுக்கிறவருக்குப் போடுகிற கணக்கு. ஏப்ரல் 30இல் எடுத்த பணத்துக்கு 11 மாதம், மார்ச் 31இல் எடுத்ததற்கு ஒன்றுமில்லை, சராசரி ஐந்தரை. மாத முதல் தேதியில் எடுத்தால் ஆறரை.

1,80,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 15,000. தம்பி, நீங்கள் டிராயிங்ஸ் என்று எடுத்தது உங்கள் சம்பளத்தையா?

புளிமண்டி மருமகன் | 13 மே, காலை 7.15

ஆமாம் சார். மாதக் கடைசியில் கல்லாவிலிருந்து 15,000 எடுப்பேன். நோட்டில் 'டிராயிங்ஸ்' என்று எழுதுவார். சம்பளத்தை மார்ச் 31இல் ஒரே வரியில் மொத்தமாக வரவு வைத்துவிடுவார். வேறு பணம் நான் எடுக்கவில்லை. மாமா மட்டும் அக்டோபர் முதல் தேதி 2 லட்சம் எடுத்தார், அத்தை நகைக்கு.

பழைய பேரேடு | 13 மே, காலை 9.00

அப்போது நான் முந்தாநாள் இரவு போட்டதும் தப்பு. அடித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்.

மாதாமாதம் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மாதாமாதம் வாங்கினால் அது டிராயிங்ஸ் இல்லை. உங்கள் சம்பளத்தை நீங்கள் வாங்கியதற்கே உங்களிடம் வட்டி பிடித்திருக்கிறார்கள். 8,250 போகட்டும். மாமாவின் 2 லட்சம் உண்மையான டிராயிங்ஸ், ஆறு மாதத்துக்கு 10,000 சரி.

பகிர்வுக் கணக்கு இப்படி வரும்:

வரவுப் பக்கம்: லாப நட்டக் கணக்கிலிருந்து 2,10,000, மாமாவின் டிராயிங்ஸ் வட்டி 10,000, ஆக 2,20,000.

பற்றுப் பக்கம்: மாமாவின் கேப்பிட்டல் வட்டி 80,000, உங்கள் கேப்பிட்டல் வட்டி 20,000, உங்கள் சம்பளம் 1,20,000, ஆக 2,20,000.

3,30,000 கேட்கிற இடத்தில் 2,20,000தான் இருக்கிறது. எல்லாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் இல்லை. மாமாவுக்கு டிராயிங்ஸ் வட்டி போக நிகரம் 70,000, உங்களுக்கு 1,40,000. இரண்டையும் கூட்டினால் 2,10,000 வருகிறதா? வந்தே ஆக வேண்டும். பகிர்வுக் கணக்கில் எத்தனை வரி எழுதினாலும், ஆளாளுக்கு நிகரமாகக் கிடைத்ததைக் கூட்டினால் தொடங்கிய லாபம் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு வரி இரண்டு தடவை நுழைந்திருக்கிறது.

இதே டிராயிங்ஸ் வட்டியில் நானும் ஒரு முறை அடி வாங்கியிருக்கிறேன். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் அண்ணன் தம்பி மூன்று பேர். கடைசித் தம்பி அந்த வருஷம் 4 லட்சம் எடுத்திருந்தார். தேதி பார்க்கச் சோம்பல். சராசரி ஆறு மாதம் என்று 12 சதவீதத்தில் 24,000 போட்டுவிட்டேன். அவர் எடுத்தது மார்ச் 20. பதினோரு நாள் வட்டி 1,450 ரூபாய்கூட வராது. பேரேட்டை என் மேஜையில் வைத்து, அந்தத் தேதி மேல் விரலை வைத்தபடியே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. தேதி தெரியாதபோதுதான் சராசரி. தேதி கண் முன்னால் இருக்கும்போது போட்டால் அது சோம்பேறித்தனம்.

புளிமண்டி மருமகன் | 13 மே, காலை 9.50

சார், 1,20,000 சம்பளமா? நான் 1,80,000 வாங்கிச் செலவே பண்ணிவிட்டேன். மாமாவுக்கு நியாயம் கேட்க வந்து என் தலையில் போட்டுக்கொண்டேனே.

டீட் எடுத்துப் பார்த்தேன். வட்டிக்கு "நிகர இலாபத்திலிருந்து ஆண்டுக்கு 10 சதவீதம்" என்று இருக்கிறது. சம்பளத்துக்கு "இரண்டாம் பங்குதாரருக்கு மாதம் ரூ.15,000 வழங்கப்பட வேண்டியது" என்றுதான் இருக்கிறது. லாபத்திலிருந்து என்று இல்லை. இந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் இல்லையா?

பழைய பேரேடு | 13 மே, இரவு 10.20

இருக்கலாம். காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பக்க வாதம் இப்படி ஓடும்: வட்டிக்கு 'நிகர இலாபத்திலிருந்து' என்று எழுதத் தெரிந்தவர், சம்பளத்துக்கு எழுதவில்லை. ஆகவே சம்பளம் லாபத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, செலவு மாதிரி முதலில் கழிய வேண்டும். இதை ஒப்புக்கொண்டால் உங்கள் கணக்கு எழுதுகிறவர் சம்பளத்தைப் பொறுத்தவரை சரி. 8,250 மட்டும்தான் அவர் தப்பு.

மாமா பக்க வாதம்: பார்ட்னர் தன் கடைக்குத் தானே வேலைக்காரனாக இருக்க முடியாது. அவர் வாங்குகிற சம்பளம், லாபத்தில் கூடுதலாக ஒரு பங்கு, பெயர்தான் சம்பளம். உச்ச நீதிமன்றம் ஆர்.எம்.சிதம்பரம் பிள்ளை வழக்கில் இதைத்தான் சொன்னது, 1977 தொகுப்பில் இருக்கிறது. தேயிலை விளைவித்து விற்ற ஃபர்ம் அது. தேயிலை வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. பார்ட்னர் வாங்கிய சம்பளத்துக்கும் அதே 60 பொருந்துமா என்பது கேள்வி. சம்பளமும் லாபத்தின் பகுதிதான், ஆகவே பொருந்தும் என்று முடிந்தது. ஆனால் அது வரி வழக்கு. லாபம் போதாத வருஷத்தில் யார் இலை காலி என்று அந்த நீதிமன்றத்தை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வட்டி, சம்பளம் இரண்டும் உண்டு என்று டீடில் எழுதியிருந்தால் 3,30,000ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டு, பற்றாக்குறை 1,10,000ஐச் சரிபாதியாக நட்டம் சுமக்க வேண்டும். அப்போது மாமாவுக்கு நிகரம் 55,000, உங்களுக்கு 1,55,000. சரிபாதி என்கிற விகிதம் அங்கேதான் வேலைக்கு வரும். உங்கள் டீட் வட்டியைப் பொறுத்தவரை அந்த வாசலை மூடிவிட்டது.

என் சாய்வு மூன்றில் இரண்டு பங்குக் கணக்குக்குத்தான். பத்திரம் எழுதியவர் சம்பள வரியில் 'நிகர இலாபத்திலிருந்து' என்பதை யோசித்தே எழுதாமல் விட்டார் என்று நான் நம்பவில்லை. பழைய பத்திரத்தைப் பார்த்து டைப் அடித்திருப்பார். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அப்படி நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வணிகவியல் டீச்சர் | 14 மே, காலை 6.30

வட்டிக்கு முதல் உரிமை என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பிரிவைப் படித்தேன், வரிசை பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி. சம்பளம் 1,20,000தான் என்றால் அவர் கூடுதலாக எடுத்த 60,000 டிராயிங்ஸ் ஆகிவிடுகிறது. அதற்கு எடுப்புகள் மீதான வட்டி போட வேண்டாமா? போட்டால் 2,20,000 கூடும், சம்பளம் கூடும், டிராயிங்ஸ் குறையும், வட்டி குறையும். சுற்றிச் சுற்றி வருகிறதே!

பழைய பேரேடு | 14 மே, காலை 8.45

பிடித்துவிட்டீர்கள். நேற்று அதை வேண்டுமென்றே தொடாமல் விட்டேன்.

மாதாமாதம் எடுக்கும்போது அது அவருக்குரிய சம்பளம். குறையும் என்று மார்ச் 31இல்தான் தெரிகிறது. அதனால் 2024-25க்கு வட்டி போட மாட்டேன். அவருடைய நடப்புக் கணக்கில் 60,000 அதிகம் எடுத்ததாக நிற்கும், அதற்கு எதிரே 20,000 வட்டி வரவு இருக்கிறது. முந்தைய வருஷ வரவு இருப்பு எதுவும் இல்லை என்றால் 40,000 பற்று இருப்பு. ஏப்ரல் 1 முதல் அது டிராயிங்ஸ் மாதிரி.

ஒவ்வொரு மாதமும் 5,000 அதிகம் எடுத்தார் என்று பின்னால் போய் வட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

ஓசூர் லேத் | 14 மே, பகல் 2.10

எங்க ஆடிட்டர் பார்ட்னர் சம்பளத்தைச் செலவில்தான் போடுகிறார். வருமான வரிக்கு அப்படித்தான் என்கிறார். நீங்க எல்லாரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க?

பழைய பேரேடு | 14 மே, பகல் 3.00

கடைசியில் லேத்காரர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். இந்தக் குழப்பம் பிறந்த இடமே அதுதான்.

வருமான வரிச் சட்டம் 40(b) பிரிவில், டீடில் எழுதியிருந்தால் பார்ட்னர் வட்டியும் வேலை பார்க்கிற பார்ட்னர் சம்பளமும் ஃபர்மின் வருமானத்திலிருந்து ஒரு எல்லை வரை கழியும். வட்டிக்கு 12 சதவீதம். சம்பளத்துக்கு 2024-25 முதல் புத்தக லாபத்தின் முதல் 6 லட்சம் வரை 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது. நட்டம் வந்த வருஷத்திலும் அந்த 3 லட்சம் உண்டு. அதனால் ஆடிட்டர் அவற்றை லாப நட்டக் கணக்கிலேயே கழித்துக் காட்டுகிறார், ஒரே தாளில் வேலை முடிகிறது. லாபம் தாராளமாக இருக்கிற வருஷத்தில் எங்கே போட்டாலும் பார்ட்னர் கைக்கு வருவது ஒரே தொகைதான், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

வரிக்கு எவ்வளவு கழிக்க விடுவார்கள் என்பதன் எல்லை அது. மாமாவுக்கும் மருமகனுக்கும் நடுவே யாருக்கு எவ்வளவு என்பதை அந்தத் தாளை வைத்துத் தீர்க்கப் போனதால்தான் இப்போது ஒருவர் சாப்பிட வரவில்லை.

தக்காளி மண்டி, பாலக்கோடு | 20 மே, இரவு 9.00

பேரேட்டைப் பார்த்தேன். என் 3 லட்சம் தனிக் கணக்கில்தான் இருக்கிறது, தலைப்பு 'கைமாற்று'. அதைக் காட்டியதும் ஒருவர் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிக்கிறேன் என்றால் தக்காளி கிலோ 5 ரூபாய்க்கு வரும் வரை யோசிப்பார்.

புளிமண்டி மருமகன் | 8 ஜூன், இரவு 8.30

மாமாவோடு உட்கார்ந்து பேசினேன். மூன்றில் இரண்டு பங்குக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். 70,000 என்றதும் முகம் மாறியது. அப்புறம், "உன் சம்பளத்தை நான் குறைக்கச் சொல்லவே இல்லையே, கணக்குதான் கேட்டேன்" என்றார். சாப்பிட வந்தார்.

பத்து வருஷம் கழித்து யாரும் அடித்துக்கொள்ள வேண்டாம் என்று துணை ஒப்பந்தம் எழுதுகிறோம். லாபம் போதாத வருஷத்தில் வட்டியும் சம்பளமும் ஒரே விகிதத்தில் குறையும் என்று ஒரு வரி. 60,000ஐ மாதம் 5,000 வீதம் சம்பளத்திலிருந்து கழிப்பதாகப் பேச்சு, 20,000 வட்டியை நான் தனியாக எடுத்துக்கொள்கிறேன். நல்லவேளை, போன வருஷத்துக்கு வட்டி இல்லை.

இப்போது கணக்கு எழுதுகிறவர் புதிதாக ஒன்று சொல்கிறார். என் சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டுமாம். சொந்தக் கடையில் எனக்கே டிடிஎஸ்ஸா?

பழைய பேரேடு | 8 ஜூன், இரவு 9.15

ஆமாம், 194T பிரிவு, இந்த ஏப்ரல் 1 முதல். பார்ட்னருக்குப் போகிற சம்பளம், வட்டி, கமிஷன் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் 20,000ஐத் தாண்டினால் 10 சதவீதம். ஏப்ரலும் மேயும் சேர்ந்தாலே 30,000, தாண்டியாயிற்று. ரொக்கமாக 10,000தான் வாங்குகிறேன் என்று சொல்ல முடியாது, வரவு வைக்கிற 15,000க்குப் பிடிக்க வேண்டும். லாபப் பங்குக்கும் டிராயிங்ஸுக்கும் கிடையாது. மார்ச்சில் மாமாவின் வட்டியை வரவு வைக்கும்போது அவருக்கும் உண்டு. டிடிஎஸ் கட்ட ஃபர்முக்கு டான் நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் உடனே வாங்குங்கள்.

இனிமேல் எந்த வரி சம்பளம், எந்த வரி டிராயிங்ஸ் என்று நோட்டில் பிரித்து எழுதாமல் தப்பிக்கவே முடியாது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

புளிமண்டி மருமகன் | 9 ஜூன், காலை 7.40

இன்னொரு சின்ன விஷயம். அந்த 60,000க்கு ஏப்ரல் முதல் வட்டி எவ்வளவு வரும்? மாதக் கடைசியில் 5,000 கழிகிறது.

பழைய பேரேடு | 9 ஜூன், காலை 8.05

முதல் மாதம் 60,000 நிற்கும், அடுத்த மாதம் 55,000, இப்படிக் கடைசி மாதம் 5,000. பன்னிரண்டையும் கூட்டினால் 3,90,000. அதற்கு ஒரு மாத வட்டி, 10 சதவீதத்தில் 3,250.

புளிமண்டி மருமகன் | 9 ஜூன், இரவு 9.50

மாமாவிடம் 3,250 என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அதைப் பகிர்வுக் கணக்கில் வரவு வைத்தால் பாதி உனக்குத்தானே திரும்பி வருது? நீ கட்டி நீயே வாங்கிக்கிறதுக்கு எதுக்கு வட்டி?" என்றார்.

பழைய பேரேடு | 9 ஜூன், இரவு 10.10

சரியாகத்தான் கேட்டிருக்கிறார். லாபம் போதுமான வருஷம் என்றால் பாதி. போதாத வருஷம் என்றால் 11இல் 7 பங்கு உங்களுக்கே வரும். இதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.